மொட்டை மாடியில் கொட்டும் சூடு

எங்கள் ஓட்டலின் மொட்டை மாடியில் ஹவுஸ்கீப்பிங் பையன்கள் ரகசியமாக ஒரு கொடி கட்டியிருக்கிறார்கள். சில்லருக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு நைலான் கயிறு. ஐப்பசி அடைமழையில் ஊரெல்லாம் துணி காயாமல் நாறிக்கொண்டிருக்கும்போது, எங்கள் பையன்களின் சீருடை மட்டும் முக்கால் மணி நேரத்தில் அப்பளமாகக் காய்ந்துவிடும். சில்லரின் விசிறிகள் கக்குகிற அனல்காற்று அப்படி. சீஃப் இன்ஜினியர் என்ற முறையில் நான் கயிற்றை அறுக்கச் சொல்வேன். மறுநாள் போய்ப் பார்த்தால் புதுக் கயிறு தொங்கும்.

அந்தக் கொடியிலிருந்து பதினைந்தடி தள்ளி ஒரு தகர ஷெட். உள்ளே, அறைகளுக்கும் சமையற்கூடத்துக்கும் வெந்நீர் தருகிற டீசல் பாய்லர் ஓடிக்கொண்டிருக்கும். அதாவது ஒரே மாடியில் ஒரு மெஷின் கரண்டைச் செலவழித்துச் சூட்டை வெளியே தள்ளுகிறது, இன்னொரு மெஷின் டீசலை எரித்துச் சூட்டை உண்டாக்குகிறது. இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு வருஷமாக நடந்திருக்கிறேன். கேள்வி கேட்டவர்கள், இறுதியாண்டு மெக்கானிக்கல் படிக்கும் நான்கு மாணவர்கள். ப்ராஜெக்டுக்கு அனுமதி கேட்டு வந்தவர்களில் ஒரு பெண், முதல் நாளே அந்த அனல்காற்றில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதை ஏன் சார் சும்மா விடறீங்க?" என்றாள்.

அவர்கள் கடைசியில் எழுதிய அறிக்கை 70 பக்கம். அதில் முக்கால்வாசி எல்லாக் கல்லூரி அறிக்கைகளிலும் இருப்பதுதான். மீதிக் கால்வாசி, எங்கள் ஓட்டலில் எனக்கே தெரியாத சில விஷயங்களைச் சொன்னது.

சில்லர் என்பது பெரிய ஃப்ரிட்ஜ்தான். ஃப்ரிட்ஜின் பின்பக்கம் தொட்டால் சுடுவது எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருக்கிற காய்கறியிலிருந்து எடுத்த சூடு அது. சில்லர் காய்கறிக்குப் பதிலாகத் தண்ணீரைக் குளிரவைக்கிறது; அந்தக் குளிர்ந்த தண்ணீர் குழாய் வழியாக அறைக்கு அறை போய் ஏசி காற்றைத் தருகிறது. அறைகளிலிருந்து வாங்கி வந்த சூட்டைக் கேஸ் சுமந்துகொண்டு கம்ப்ரசருக்கு வருகிறது. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. அழுத்தும்போது கம்ப்ரசர் செலவழிக்கிற மின்சாரமும் சூடாக மாறி அந்தக் கேஸோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே கண்டன்சர் வழியாக வெளியே போகிற சூடு எப்போதுமே அறையிலிருந்து எடுத்ததைவிட அதிகம்.

எங்கள் சில்லர் காற்றால் குளிரூட்டப்படும் 100 டன் மெஷின். கூலிங் டவர் வைத்தால் மின்சாரம் மிச்சம்தான், ஆனால் சென்னையில் லாரித் தண்ணீர் வாங்கி ஆவியாக்க எங்கள் முதலாளிக்கு மனம் வரவில்லை. இந்த டன் என்பது எடையில்லை. ஒரு அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு சூடு வேண்டுமோ, அந்த வேகம். சுமார் மூன்றரை கிலோவாட். பகல் நேரத்தில் எங்கள் சில்லர் சராசரியாக 60 டன் ஓடுகிறது என்று ஆபரேட்டர்களின் லாக் புக்கிலிருந்து மாணவர்கள் கணக்கெடுத்தார்கள். அது 211 கிலோவாட் குளிர்ச்சி. கம்ப்ரசர் தின்பது 70. இரண்டையும் கூட்டினால் 281 கிலோவாட். பையன்களின் சட்டையை உலர்த்துவது இதுதான்.

முதல் ரிவ்யூவுக்கு முன் என்னிடம் ஒரு வரைவு காட்டினார்கள். கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: ஆண்டுச் சேமிப்பு 2 கோடியே 83 லட்சம் ரூபாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. 281 கிலோவாட்டை 24 மணி நேரத்தாலும் 365 நாளாலும் பெருக்கி, அத்தனை சூட்டையும் டீசலாக மாற்றி, லிட்டர் 92 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை.

"தம்பி, நம்ம ஓட்டல்ல வெந்நீருக்கு வருஷத்துக்கு எவ்வளவு டீசல் வாங்கறோம்னு ஸ்டோர்ஸ்ல கேட்டீங்களா?" என்றேன்.

கேட்கவில்லை. அன்று மாலை போய்க் கேட்டுவந்தார்கள். ஒரு நாளைக்கு 55 லிட்டர். வருஷத்துக்குச் சுமார் 20,000 லிட்டர், பதினெட்டரை லட்சம் ரூபாய். பதினெட்டரை லட்சம் செலவாகிற இடத்தில் 2 கோடியே 83 லட்சம் மிச்சப்படுத்த முடியாது. முழு நேரத் தொழில்நுட்ப ஆலோசகர்கள் கொண்டுவரும் அறிக்கைகளிலும் இதே பிழையைப் பார்த்திருக்கிறேன். வெளியே போகிற சூட்டை அளப்பார்கள், உள்ளே தேவைப்படுகிற சூட்டை அளக்க மாட்டார்கள்.

ஆகவே இரண்டாம் சுற்றில் தேவையிலிருந்து ஆரம்பித்தார்கள். வெந்நீர்த் தொட்டிக்குப் போகிற தண்ணீர்க் குழாயில் மீட்டர் வைத்து இரண்டு வாரம் குறித்ததில், 120 அறையும் சமையற்கூடமும் சேர்த்து நாளைக்குச் சராசரியாக 10,000 லிட்டர் வெந்நீர். அதை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 372 யூனிட் சூடு வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் சூடு உண்டு. பாய்லர் அதில் 8 யூனிட்டைத் தண்ணீருக்குத் தரும், மீதி புகைபோக்கியில் போகும். அந்தக் கணக்குப்படி 46 அல்லது 47 லிட்டர் டீசல் போதும். நாங்களோ 55 எரிக்கிறோம். அந்த எட்டரை லிட்டர் எங்கே போகிறது என்ற கேள்வியை ஓரமாக எழுதி வைத்துக்கொண்டார்கள்.

குளிக்க 40 டிகிரி போதுமே, 60 எதற்கு என்று கேட்கலாம். 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் ஒரு ஓட்டலில் நடந்த முன்னாள் படைவீரர் சங்க மாநாட்டுக்கு வந்தவர்கள் பலர் நிமோனியா போன்ற காய்ச்சலில் விழுந்தார்கள், இறந்தவர்கள் உண்டு. அதற்குக் காரணமான கிருமிக்கு அந்தச் சங்கத்தின் பெயரையொட்டி லெஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். அது தண்ணீரில் வாழும். 20 முதல் 45 டிகிரி வரை உள்ள வெதுவெதுப்பில் பெருகும், 60-இல் செத்துவிடும். ஷவரிலிருந்து தெறிக்கிற நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. அதனால் வெந்நீரை 60-இல் சேமித்து, குளியலறையில் பச்சைத் தண்ணீர் கலந்து இறக்கிக்கொள்வதுதான் ஓட்டல்களில் முறை.

சில்லரின் சூடு 60 டிகிரிக்கு வருமா? விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

கம்ப்ரசரை விட்டு வெளியே வரும்போது எங்கள் சில்லரின் கேஸ் சுமார் 70 டிகிரி. கண்டன்சருக்குள் நுழைந்ததும் முதலில் அது கேஸாகவே 50 டிகிரி வரை ஆறுகிறது. 50 வந்ததும் திரவமாக மாற ஆரம்பிக்கிறது. முழுவதும் திரவமாகும்வரை 50-லேயே நிற்கிறது. மொத்தச் சூட்டில் 87 சதவீதம் வெளியாவது அந்த 50 டிகிரியில்தான். 70-க்கும் 50-க்கும் இடையில் கிடைப்பது ஏறக்குறைய 13 சதவீதம். காய்ச்சிய பாலில் ஆடை மாதிரி அது. கொஞ்சம்தான், ஆனால் நல்ல சூடான தண்ணீர் வேண்டுமென்றால் அதில்தான் கை வைக்க வேண்டும். கம்ப்ரசருக்கும் கண்டன்சருக்கும் நடுவே அந்த ஆடையை மட்டும் வழித்தெடுக்க ஒரு சிறிய வெப்பமாற்றி வைப்பார்கள். அதற்கு டீசூப்பர்ஹீட்டர் என்று பெயர்.

281-இல் 13 சதவீதம் என்றால் 36 கிலோவாட். 2 கோடிக் கணக்கு இங்கேயே எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியது. பையன்களின் முகமும் கொஞ்சம் சுருங்கியது.

அதில் ஒருவன் விடவில்லை. "சார், விசிறி ரெண்டை நிறுத்திட்டா கேஸ் இன்னும் சூடாகும் இல்ல? 50-க்குப் பதிலா 55-ல வெச்சா தண்ணி அஞ்சு டிகிரி கூட வருமே?" என்றான். நல்ல கேள்வி. சில இடங்களில் உண்மையிலேயே அப்படிச் செய்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார் என்றேன். 10,000 லிட்டருக்கு ஐந்து டிகிரி கூடினால் மிச்சமாவது ஏழு லிட்டருக்குச் சற்று மேலான டீசல். நாளைக்கு 670 ரூபாய். ஆனால் கண்டன்சரில் ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரசரின் மின்செலவு 2 முதல் 3 சதவீதம் ஏறும். குறைந்தபட்சமாக 2 என்றே வைத்தாலும் ஐந்து டிகிரிக்கு 10 சதவீதம், 7 கிலோவாட். பகல் 12 மணி நேரத்துக்கு மட்டும் 84 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்றால் 756 ரூபாய். இலவசச் சூட்டைக் கூடுதலாகக் கறக்கப்போய் நாளைக்கு 86 ரூபாய் கைவிட்டுப் போகும். மெஷினுக்கு ஏறுகிற அழுத்தம் வேறு. அறிக்கையின் 41-ஆம் பக்கத்தில் இந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது. எனக்கு அந்தப் பக்கம்தான் மிகவும் பிடித்தது.

சில்லரை அதன் இயல்பில் விட்டுவிட்டு, வருகிற சூட்டில் தண்ணீரை 50 டிகிரி வரை மட்டும் ஏற்றுவது, 50-இலிருந்து 60-க்குப் பழைய டீசல் பாய்லரே கொண்டுபோவது என்று முடிவானது. 32 டிகிரி ஏற்றத்தில் 22 டிகிரி சில்லரின் பொறுப்பு. நாளைக்கு 256 யூனிட்.

அடுத்தது நேரம். வெந்நீர் வேண்டியது காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. 5,000 லிட்டர் அந்த மூன்று மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். விமானம் பிடிக்கிறவர்கள், மீட்டிங் போகிறவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் ஷவரைத் திறப்பார்கள். சில்லர் முழு மூச்சாக ஓடுவதோ மதியம் இரண்டு மணிக்கு, வெந்நீரைத் தேடி ஆளில்லாத நேரத்தில். இரவில் சில்லரின் சுமை பாதியாகிவிடும். வெளிக்காற்றும் ஆறிவிடுவதால் கேஸும் 60 டிகிரிக்குக் கீழே வந்துவிடும். மாணவர்கள் லாக் புக்கை மணிவாரியாகப் பிரித்தார்கள். பகல் 12 மணி நேரம் 36 கிலோவாட், இரவு 8 மணி நேரம் 15, காலை 4 மணி நேரம் 20. கூட்டினால் நாளைக்கு 632 யூனிட் வருகிறது. தேவையோ 256 தான். ஆடையிலேயே பாதிக்கு மேல் வீணாகத்தான் போகும், தடுக்க வழியில்லை.

ஆனால் காலை மூன்று மணி நேரத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் கதை மாறுகிறது. தேவை 128 யூனிட். அந்த நேரத்தில் சில்லர் தருவது 60. மீதியை முந்தைய இரவே தொட்டியில் பிடித்து வைத்திருக்க வேண்டும். 2,000 லிட்டர்த் தொட்டியில் 51 யூனிட்தான் அடங்கும், போதாது. 3,000 லிட்டர் என்றால் 77. மொத்தம் 137, தேவைக்குச் சற்று மேலே. அதைவிடப் பெரிய தொட்டி வாங்கினால் காசுதான் வீண்.

3,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே மூன்று டன். மொட்டை மாடியில் நினைத்த இடத்தில் வைக்க முடியாது. தூண் வரும் இடமாகப் பார்த்து, கட்டடப் பொறியாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் கட்டட வரைபடத்தில் தோதான தூண் வருவது, சீருடைக் கொடி இருக்கும் அதே இடத்தில்.

இனி பணம். 256 யூனிட்டில் பத்து சதவீதம் தொட்டியிலும் குழாயிலும் இழப்பு என்று கழித்து 230. மார்கழி, தையில் சில்லர் சோம்பிக்கிடக்கும் நாட்களையும் பராமரிப்பு நாட்களையும் கழித்து வருஷத்துக்கு 330 நாள். டீசலில் 9,500 லிட்டர் மிச்சம், 8 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் சொச்சம். சுற்றுப் பம்பின் மின்செலவு 30 ஆயிரம். தண்ணீரை மென்மையாக்கும் உப்பு, ஆசிட் கழுவல் எல்லாம் சேர்த்து 40 ஆயிரம். நிகரமாக 8 லட்சம். வாங்கிய கொட்டேஷன்களின்படி டீசூப்பர்ஹீட்டர், தொட்டி, பம்பு, குழாய், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் 12 லட்சம். போட்ட பணம் ஒன்றரை வருஷத்தில் திரும்பும். 2 கோடியே 83 லட்சம் எங்கே, 8 லட்சம் எங்கே. ஆனால் இந்த 8 லட்சத்தை நான் முதலாளியிடம் தைரியமாகச் சொல்வேன்.

எது கெடும் என்று ஒரு அத்தியாயம் எழுதச் சொன்னேன். அதற்குப் பாடப்புத்தகம் உதவாது என்பதால் எங்கள் மூத்த ஆபரேட்டரோடு இரண்டு இரவு ஷிஃப்ட் உட்கார்ந்தார்கள். அவர் காட்டியது ஒரு பழைய கீசரின் சூடாக்கும் கம்பி. எங்கள் போர்வெல் தண்ணீரில் ஊறி, விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு பூத்து, பவளப்பாறைத் துண்டு மாதிரி இருந்தது. "தம்பி, உங்க மெஷினும் ஆறு மாசத்துல இப்படித்தான் ஆவும்" என்றார். கடினத் தண்ணீர் சூடாகும்போது சுண்ணாம்பு படியும். அதுவும் மிகச் சூடான பரப்பைத் தேடிப் படியும். சாஃப்ட்னர் இல்லாமல் டீசூப்பர்ஹீட்டர் வைப்பது தண்டம். படிகிறதா என்று கண்டுபிடிக்க மெஷினைத் திறக்க வேண்டியதில்லை. கேஸ் நுழையும் சூடும் ஓட்டமும் மாறாமல் இருக்க, வெளிவரும் தண்ணீரின் சூடு மட்டும் வாரத்துக்கு வாரம் இறங்கினால், 50 வந்தது 47, பிறகு 44 என்று போனால், உள்ளே சுண்ணாம்பு வளர்கிறது. லாக் புக்கில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும்.

இன்னொன்று ஓட்டை. கேஸ் பக்கம் அழுத்தம் 13 பார். தண்ணீர் பக்கம் 3. நடுவே இருக்கிற குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் கேஸும் கம்ப்ரசர் எண்ணெயும் விருந்தினர் குளிக்கிற தண்ணீரில் கலக்கும். கேஸ் முழுதும் போய் அழுத்தம் இறங்கியபின் தண்ணீர் எதிர்த்திசையில் புகுந்து கம்ப்ரசருக்குப் போய்விட்டால், கம்ப்ரசர் அவ்வளவுதான். அதனால்தான் குளிக்கிற, சமைக்கிற தண்ணீருக்கு இரட்டைச் சுவர் வெப்பமாற்றியே வேண்டும்: இரண்டு சுவருக்கு நடுவே வெளிக்காற்றுக்குத் திறந்த ஒரு இடைவெளி, எந்தப் பக்கம் ஒழுகினாலும் வெளியே வந்து கண்ணில் படும். விலை கூடுதல். வந்த கொட்டேஷன்களில் ஒன்று சந்தேகத்துக்கிடமாக மலிவாக இருந்தது. ஒற்றைச் சுவர். அதை அந்தப் பெண்தான் கவனித்தாள். அதோடு அந்த கொட்டேஷன் குப்பைக்கூடைக்குப் போனது.

பம்பை எப்போது ஓட்டுவது என்பதும் சின்ன விஷயமில்லை. தொட்டி 50 டிகிரியில் இருக்கும்போது இரவில் கேஸ் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், ஓடுகிற பம்பு நம் வெந்நீரைக் கொண்டுபோய் கேஸைச் சூடாக்கும். கேஸ் குழாயில் ஒரு சென்சார், தொட்டியின் அடியில் ஒரு சென்சார். இரண்டுக்கும் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் இருந்தால்தான் பம்பு ஓடலாம்.

ஓரமாக எழுதி வைத்த எட்டரை லிட்டர் டீசலுக்கு வருகிறேன். அறைகளில் குழாயைத் திறந்ததும் வெந்நீர் வரவேண்டும் என்பதற்காக, 60 டிகிரித் தண்ணீர் நாள் முழுக்க மாடிக்கு மாடி சுற்றிக்கொண்டே இருக்கும். மாணவர்கள் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டே ஷாஃப்டுக்குள் ஏறி இறங்கினார்கள். நாலாவது மாடியிலிருந்து மேலே கிட்டத்தட்ட 60 மீட்டருக்கு இன்சுலேஷனே இல்லை. எப்போதோ பிளம்பிங் ரிப்பேர் செய்தவர்கள் உரித்தது. யாரும் திரும்பச் சுற்றவில்லை. ஒன்றரை அங்குலக் குழாய் மீட்டருக்கு 50 வாட் வீதம் மூன்று கிலோவாட், இரவும் பகலும். கணக்கு ஏறக்குறைய அப்படியே இடித்தது. அந்த ஷாஃப்டுக்குப் பொறுப்பு நான்தான் என்பதால் அறிக்கையில் அந்தப் பத்தியை மட்டும் கொஞ்சம் வேகமாகப் படித்தேன்.

இன்சுலேஷனுக்கு முதலாளி மறுவாரமே கையெழுத்துப் போட்டார். இப்போது நாளைக்கு 49 லிட்டரில் நிற்கிறது. டீசூப்பர்ஹீட்டருக்கும் ஒப்புதல் வந்துவிட்டது, ஆனால் சில்லரின் கேஸை இறக்கி, கம்ப்ரசர் குழாயை அறுத்துப் பற்றவைக்க இரண்டு நாள் முழுசாக ஏசி நிற்க வேண்டும். கல்யாண மண்டபத்தை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா? மார்கழியில்தான் முடியும். தொட்டிக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று சொல்லிக் கயிற்றை மறுபடி அவிழ்க்கச் சொன்னேன். "தொட்டி வந்தப்புறமும் காத்து சூடாத்தான வரும் சார்?" என்று கேட்டான் ஒரு பையன். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அப்படியேதான் வரும் என்று சொன்னேன். கயிறு இப்போது சில்லருக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது.